பிரசர்காரருக்கு உப்புக் குறைத்துச் சமைப்பது: மட்டக்களப்பு, அம்பாறை அடுப்படிகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குப் பிரசர் என்று கிளினிக்கில் சொன்ன அன்றே 'உப்பைக் குறையுங்கோ' என்றும் சொல்லி அனுப்புவார்கள். எப்படிக் குறைப்பது என்பதை அங்கே யாரும் விளக்குவதில்லை, அவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை சொந்தக்காரரும் அயலவரும் என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். சோறு, கறி, பிட்டு, சொதி என்று நாம் அன்றாடம் சமைப்பதைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்புத்தான் சாப்பிடலாம்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. தூள் உப்பில் மட்டமாக ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். கறியில் போட்டது, பாணில் இருப்பது, பிஸ்கட், மிக்சர், ஊறுகாய் எல்லாம் சேர்ந்துதான் இந்த 5 கிராம். வீட்டுச் சட்டிக்கு மட்டும் உள்ள கணக்கு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

வெளியில் வாங்கிச் சாப்பிடுவதற்கு ஒரு கிராமை விட்டுவிட்டு, அடுப்படியில் ஆளுக்கு 4 கிராம் என்று வைத்தால் கணக்குப் பார்ப்பது சுகம். கிளினிக்கில் உங்களுக்கென்று வேறு அளவு சொல்லியிருந்தால், குறிப்பாக இருதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு, அந்த அளவைத்தான் பிடிக்க வேண்டும்.

நான் கைக்கணக்கில போடுறனான். கரண்டியால அளந்தா சமையல் சரிவருமா?

கைக்கணக்கின் கரைச்சல் என்னவென்றால், கை நாக்கின் சொல்லைக் கேட்கும். நாக்கு பழைய உப்புக்குப் பழகியிருக்கும்வரை கையும் அதையே அள்ளும். 'குறைச்சுத்தான் போட்டேன்' என்று சொல்பவரின் சட்டியிலும் பழைய அளவே கிடக்கும். கல் உப்பு என்றால் இன்னும் மோசம். பெரிய கல்லாக வந்தால் கரண்டியில் குறைவாகவும், நொறுங்கி வந்தால் கூடுதலாகவும் ஏறும்.

இதற்கு நான் சொல்வது உப்புத் தண்ணிப் போத்தல். 400 கிராம் உப்புப் பக்கெட்டில் கால்வாசியை, அதாவது 100 கிராமை, ஒரு லீட்டர் போத்தலில் போட்டு, கொதித்தாறிய தண்ணீரை நிரப்பிக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீட்டர் தண்ணீரை அளந்து அதில் உப்பைப் போடக்கூடாது. உப்பும் தண்ணீருமாகச் சேர்ந்து ஒரு லீட்டர் வர வேண்டும். இப்போது 10 மில்லிலீட்டரில் 1 கிராம் உப்பு இருக்கும். பாணி மருந்தோடு வரும் சிறிய மூடிக் கோப்பையில் மில்லிலீட்டர் கோடு போட்டிருக்கும். அதுதான் அளவுக் கோப்பை. கல் உப்பும் தூள் உப்பும் நிறையில் ஒன்றானால் தண்ணீரிலும் ஒன்றுதான். கறியிலும் ஒரு பக்கம் கரித்து, ஒரு பக்கம் சப்பென்று இராமல் சீராகக் கலக்கும்.

மீன் கழுவத் தேய்க்கும் உப்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். அதற்குத் தனி டப்பா வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போகும் பக்கெட் கணக்குக் குழம்பிவிடும்.

நாங்க வீட்ட நாலு பேர். ஒரு நாள் சமையலை அப்படியே கணக்கோட சொல்லுங்களன்.

ஆளுக்கு 4 கிராம், நாலு பேருக்கு 16 கிராம். போத்தல் கணக்கில் 160 மில்லிலீட்டர். காலையிலேயே அதை ஒரு கிளாசில் ஊற்றி மூடி வையுங்கள். அன்றைய சமையலுக்கு அந்தக் கிளாஸ்தான்.

காலைக்கு ரொட்டி என்றால் மாவுக்கு 20 மில்லி. மத்தியானம் சோறு, பாரை மீன் குழம்பு, பருப்பு, பயற்றங்காய்ச் சுண்டல். சோற்றுக்கு உப்பே இல்லை. முக்கால் கிலோ மீன் போட்ட குழம்புக்கு 50 மில்லி, பருப்புக்கு 20, சுண்டலுக்கு 10. மத்தியானம் மட்டும் 80 மில்லி, ஆளுக்கு 2 கிராம். இரவுக்குப் பிட்டு, சொதி, தேங்காய்ச் சம்பல். பிட்டு மாவுக்கு உப்பு வேண்டாம். சொதிக்கு 30 மில்லி. சம்பலுக்குத் தண்ணீர் ஊற்றினால் சதசதவென்று போய்விடும், ஆகவே அதற்கு மட்டும் தூள் உப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டி. அதைச் சற்றுக் கூட்டியே 30 மில்லி என்று கணக்கில் எடுத்து, கிளாசில் மிஞ்சிய 30 மில்லியைத் திரும்பப் போத்தலில் ஊற்றிவிடுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, எல்லாச் சட்டியிலும் ஒரே மாதிரிக் குறைக்கவில்லை என்பது. எல்லாவற்றிலும் பாதி பாதியாகக் குறைத்தால் கறி முழுவதும் சப்பென்று போய், மூன்றாம் நாள் வீட்டில் சண்டை வரும். சோற்றிலும் பிட்டிலும் முழுவதுமாக எடுத்துவிட்டு, நாக்கில் நேரே படுகிற குழம்பிலும் சம்பலிலும் ஓரளவு உப்பை விட்டு வைத்தால் சாப்பிடுபவருக்குச் சாப்பாடு சாப்பாடாக இருக்கும்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு நாளைக்கு 16 கிராம் என்றால் 400 கிராம் பக்கெட் 25 நாள் வர வேண்டும். உடைத்த நாளைப் பக்கெட்டிலேயே எழுதி வையுங்கள். இரண்டு கிழமையில் முடிந்துவிட்டால், நீங்கள் பார்க்காத நேரத்தில் யாரோ போடுகிறார்கள் என்று அர்த்தம்.

உப்பில்லாட்டி எங்கட மனிசன் வாய்க்குள்ள வைக்கிறாரில்ல. என்னகா செய்யிற?

முதல் இரண்டு மூன்று கிழமை அப்படித்தான் இருக்கும். நாக்கு பழக இரண்டு மாதம்கூட ஆகலாம். ஆகவே முதல் நாளே 160 மில்லிக்கு இறங்காதீர்கள். இப்போது போடும் அளவை ஒருமுறை அளந்து பாருங்கள். 28 கிராம் வருகிறது என்று வைப்போம். கிழமைக்கு 2 கிராம் இறங்கினால் ஆறு கிழமையில் 16க்கு வந்துவிடலாம். இந்த அளவில் இறங்கினால் பலருக்குத் தெரியவே தெரியாது. அவரிடம் சொல்லாமல் செய்வதே நல்லது. சொல்லிவிட்டால் முதல் கவளத்திலேயே 'உப்பில்ல' என்று வந்துவிடும்.

உப்பின் இடத்தை அதிகம் நிரப்புவது புளி. உப்புக் குறைந்த கறியிலும் புளிப்பு ஏறினால் உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. மீன் குழம்புக்குப் பழப்புளியை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டிக் கரைத்துக்கொள்ளுங்கள். பிலிம்பிக்காயோ மாங்காயோ கிடைக்கிற காலத்தில் இரண்டு துண்டு போடலாம். பருப்பையும் சுண்டலையும் இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் வைத்துப் பிழிந்தால் கைத்துவிடும். வயிற்றெரிவுக்காரர் வீட்டில் புளியை அளவோடு வைத்து, வறுத்த வாசத்தைக் கூட்டுங்கள்.

வாசம் என்றால் மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம். இவற்றை வீட்டில் கறுக்காமல் வறுத்து இடித்த தூள் கடைத் தூளைவிட நன்றாகத் தூக்கிக் கொடுக்கும். சில கடைத் தூள்களில் உப்பே கலந்திருக்கும், பக்கெட்டின் பின்பக்கத்தை வாசித்துப் பார்த்து வாங்குங்கள். தாளிக்கும் வெங்காயத்தை அவசரமாக இறக்காமல் பொன்னிறத்தைத் தாண்டும்வரை விடுங்கள். கறிவேப்பிலை, றம்பை, உள்ளி மூன்றும் அந்த எண்ணெயில் பொரிந்த வாசம் வந்தபின்தான் புளி ஊற்ற வேண்டும்.

தேங்காய்ப்பால் பற்றியும் சொல்ல வேண்டும். தடித்த முதற்பால் கறியின் உப்பையும் புளிப்பையும் மூடிவிடும். ஆகவேதான் பாற்கறி வைக்கும்போது கை தானாக இன்னும் கொஞ்சம் உப்பைத் தேடும். கப்பிப்பாலில் வேகவைத்து, முதற்பாலை இரண்டு மூன்று மேசைக்கரண்டியோடு நிறுத்திப் பாருங்கள். அதே உப்பு போதுமானதாகத் தெரியும்.

உப்பைத் தொடக்கத்திலயா போடுற, இறக்கும்போதா?

குழம்பு வற்ற வற்றத் தண்ணீர்தான் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். தொடக்கத்தில் சரியாக இருந்தது கடைசியில் கரிப்பதும், அதைச் சரிக்கட்ட இன்னும் எதையாவது போடுவதும் அதனால்தான். 50 மில்லியில் பாதியை மீன் போடும்போதும், மீதியை அடுப்பை அணைத்தபின்னும் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டுச் சட்டியைப் பிடித்து ஒருமுறை சுழற்றினால் போதும், அகப்பையால் கிண்டினால் மீன் உடைந்துவிடும். கடைசியில் போட்டது குழம்பிலேயே நிற்பதால் நாக்கில் முதலில் படும்.

ஆனால் குழம்பை அள்ளி அள்ளி ஊற்றுபவருக்கு மற்றவரைவிட உப்புக் கூடத்தான் போகும். நாலு பேருக்கென்று நாம் போட்ட கணக்கு, நாலு பேரும் ஏறக்குறையச் சமமாகச் சாப்பிடுகிறார்கள் என்ற நினைப்பில்தான். பிரசர்காரருக்குத் துண்டை நன்றாக வைத்து, குழம்பை ஒரு அகப்பையோடு நிறுத்துங்கள்.

பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் உப்புப் போடாட்டி மா பிடிக்காதாமே?

பிடிக்கும். அரிசிமா பதமாக வருவது தண்ணீரின் சூட்டிலும் மாவின் வறுபதத்திலும்தான், உப்புக்கு அதில் வேலையில்லை. இடியப்ப மாவை நன்றாகக் கொதித்த தண்ணீரில் குழைத்தால் உப்பில்லாமலும் ஒட்டாமல் பிழியலாம். பிட்டில் உப்பில்லாததைத் தேங்காய்ப்பூவும் சம்பலும் மூடிவிடும். பிட்டை வெறுமனே வாயில் போட்டுப் பார்த்து 'சரியில்ல' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், யாரும் அதை அப்படிச் சாப்பிடுவதில்லை.

கருவாடும் மாசியும் இல்லாம எங்களால ஏலாது. முழுக்க விட வேணுமா?

முழுக்க விடத் தேவையில்லை. ஆனால் கருவாடு என்பது மீன் வடிவில் இருக்கும் உப்பு என்பதை மறக்கக்கூடாது. நன்றாக உப்பிட்ட கருவாட்டில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். உள்ளங்கையளவு துண்டு ஒன்றே ஒரு நாள் கணக்கை முடித்துவிடக்கூடும்.

துண்டைச் சின்னதாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைமணி ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. கடைசித் தண்ணீரில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் இன்னொரு முறை. முழுத் துண்டாக ஊறவைத்தால் மேலே உள்ளதுதான் போகும். எவ்வளவு ஊறினாலும் எல்லா உப்பும் போகாது, ஆகவே அந்தக் கறிக்குப் போத்தலைத் திறக்கவே வேண்டாம். கத்தரிக்காயையோ வாழைக்காயையோ நிறையப் போட்டு, கருவாட்டை வாசத்துக்காக நாலைந்து துண்டு மட்டும் போடுங்கள். கிழமையில் ஒரு நாள் போதும், அன்று சம்பல் வேண்டாம்.

மாசியும் கூனியும் உப்புள்ளவைதான். ஆனால் ஒரு தேக்கரண்டி இடித்துப் போட்டாலே கறிக்கு நல்ல ருசி வரும். அதனால் அவற்றை உப்புக்குப் பதிலாகப் போடலாம், உப்போடு சேர்த்துப் போடுவதுதான் பிழை. கூனியை இரண்டு தண்ணீரில் அலசி, வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள்.

கல் உப்பு, இந்துப்பு எல்லாம் பிரசருக்கு நல்லதாமே, டீச்சர்?

பிரசரை ஏற்றுவது சோடியம். கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பங்கு சோடியம் குளோரைட்டுத்தான். நிறம் கொடுக்கும் மற்றத் தாதுக்கள் சொற்பம். இந்துப்பு விலை கூட, பலவற்றில் அயடினும் சேர்த்திருக்க மாட்டார்கள். அதே சாதாரண அயடின் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

சமைச்ச உப்பு ஒன்றும் செய்யாது, பச்சை உப்புத்தான் கூடாதாம். உண்மையா?

இல்லை. கொதிக்க வைத்தால் உப்பு மாறுவதில்லை. பழஞ்சோற்றில் தூவினாலும் குழம்பில் கொதித்தாலும் உடம்புக்கு ஒன்றுதான். இந்தக் கதை எங்கிருந்து வந்ததென்று யோசித்தால், சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலை வைக்காதே என்று யாரோ சொன்ன நல்ல புத்திமதி இப்படித் திரிந்திருக்கலாம். பழஞ்சோற்றுக்கு எருமைத் தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போதும். தயிரின் புளிப்பே உப்பின் வேலையைச் செய்யும்.

குழம்பு கரிச்சிட்டுது. உருளைக்கிழங்கு போட்டா உப்பை இழுக்குமா?

கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடித்து இழுக்காது. குழம்புத் தண்ணீரை உப்போடு சேர்த்துக் குடிக்கும், அவ்வளவுதான். மிச்சக் குழம்பு அதே கரிப்பில்தான் இருக்கும். அந்தக் கிழங்கையும் நாம்தானே சாப்பிடப்போகிறோம்? தண்ணீரும் காய்கறியும் சேர்த்துச் சட்டியைப் பெருக்கி, பாதியை எடுத்து அடுத்த வேளைக்கு வைப்பதுதான் வழி. தேங்காய்ப்பால் ஊற்றினால் கரிப்புத் தெரியாமல் போகும், உப்பு போகாது. காரணத்தை மேலே முதற்பாலைப் பற்றிச் சொன்ன இடத்தில் பாருங்கள்.

வாப்பாக்கு சோடியம் குறைஞ்ச உப்புப் பக்கெட் ஒன்று வாங்கி அனுப்பியிருக்காங்க. அதைப் பாவிக்கலாமா?

கேட்காமல் பாவிக்க வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதிலாக ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைட் இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது உதவக்கூடும். உலக சுகாதார நிறுவனமும் 2025இல் அப்படிப்பட்ட உப்பைப் பரிந்துரைத்திருக்கிறது, ஆனால் சிறுநீரகம் பழுதானவரை விலக்கித்தான். பழுதான சிறுநீரகம் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றாது. அது இரத்தத்தில் ஏறினால் இருதயத் துடிப்பையே குழப்பிவிடும்.

இதில் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். லோசாட்டன், எனலப்ரில், ஸ்பைரோனோலக்டோன் போன்ற மாத்திரைகள் தாமே பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை, பிரசர்காரர் பலர் இவற்றில் ஒன்றைப் போடுகிறார்கள். மற்றது, சிறுநீரகம் பழுதாவது தொடக்கத்தில் வெளியே தெரியாது. நீரிழிவும் சேர்ந்திருப்பவருக்கு இன்னும் கவனம் வேண்டும். பக்கெட்டையும் மாத்திரைக் கொப்பியையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டி, கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். போத்தல் முறையில் இறங்கினால் இந்தப் பக்கெட்டே தேவைப்படாமல் போகலாம்.

சூப் கியூப்பும் சோயா சோசும் கொஞ்சம்தானே போடுறம்?

கொஞ்சம்தான், ஆனால் கியூப்பில் ஏறக்குறையப் பாதி உப்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சோசில் 2 கிராமுக்கு மேல் உப்பு. ஆளுக்கு முழு மத்தியானச் சாப்பாட்டுக்கும் நாம் கொடுத்தது 2 கிராம் என்பதை நினைத்துப் பாருங்கள். நூடில்ஸ் பக்கெட்டில் பெரும்பாலான உப்பு அந்தச் சின்னத் தூள் பையில்தான், அதில் கால்வாசியைப் போட்டு மிச்சத்தை எறிந்துவிடலாம். பாண் நாக்குக்கு உப்பாகத் தெரியாது, ஆனாலும் நாலைந்து துண்டில் ஒரு கிராமோ அதற்கு மேலோ வந்துவிடும். தினமும் பாண் சாப்பிடுகிற வீடு என்றால் வெளிக்கு விட்ட அந்த ஒரு கிராம் அதோடு முடிந்தது, மிக்சரைத் தொடக்கூடாது.

இவர் வயல்ல நாள் முழுக்க வேர்க்க வேர்க்க நிற்கிறவர். உப்பைக் குறைச்சா மயங்கி விழமாட்டாரா?

வேர்வையில் உப்பு போவது உண்மைதான். ஆனால் வெயிலுக்குப் பழகிய உடம்பு வேர்வையில் உப்பைக் குறைத்தே விடும். வேளாண்மைக்காரர் பெரும்பாலானவருக்கு 5 கிராம் அளவு போதும், முதலில் வேண்டியது தண்ணீர்.

சிலருக்கு மட்டும் கவனம் தேவை. சிறுநீர் போக்கும் மாத்திரை போடுபவர், வயதானவர், வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தவர். இவர்களுக்குத் தலைசுற்று, கால் குறண்டல், எழும்பும்போது கண் இருட்டுவது, குழம்பிப் பேசுவது என்று ஏதாவது கண்டால் உப்புத் தண்ணீரைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

மற்றாக்களுக்கு வேற சட்டி வைக்கவா?

வேண்டாம், இரண்டு சட்டி வைக்கிற வீட்டில் ஒரு மாதத்தில் ஒரு சட்டிதான் மிஞ்சும், அதுவும் உப்புச் சட்டி. 5 கிராம் என்பது நோயாளிக்கு மட்டும் சொன்ன அளவல்ல, எல்லாப் பெரியவர்களுக்கும் அதுதான், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. தாங்கமுடியாதவர் தன் கோப்பையில் மட்டும் தேசிக்காய்த் துண்டோ சம்பலோ கூட வைத்துக்கொள்ளட்டும்.

ரெண்டு மாசமா உப்பைக் குறைச்சும் பிரசர் இறங்குதில்லை. ஏன்?

முதலில் பக்கெட் கணக்கைப் பாருங்கள், உண்மையில் குறைந்திருக்கிறதா என்று அது சொல்லிவிடும். அடுத்தது வெளிச்சாப்பாடு. கடைச் சோற்றுப் பார்சல், புரியாணி, கலியாண வீடு என்று கிழமையில் மூன்று நாள் போனால் வீட்டுப் போத்தலால் பெரிய பலன் இல்லை. மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளும் பிரசரை ஏற்றும், இதைப் பலர் கிளினிக்கில் சொல்வதே இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் உப்பால் மட்டும் இறங்கக்கூடியது ஓரளவுதான். பிரசர் உள்ளவருக்கு நாளொன்றுக்கு நாலைந்து கிராம் உப்புக் குறைந்தால் மேல் எண் சராசரியாக 5 அளவில் இறங்கும். சிலருக்குக் கூட இறங்கும், சிலருக்குத் தெரியவே தெரியாது. 170இல் நிற்பவரை உப்பு மட்டும் 130க்குக் கொண்டு வராது, ஆகவே மாத்திரையை நிறுத்தக்கூடாது. மாறாக நன்றாக இறங்கி, தலைசுற்றும் வருகிறதென்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் சும்மா இருந்தபின் அளந்த எண்களைத் திகதியோடு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால், மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று டொக்டரால் பார்த்துச் சொல்ல முடியும்.